மேலுக்கு ஊத்துவதும் தலைக்கு ஊத்துவதும்

"சிஸ்டர், நீங்க அனுப்புன ஆளு எங்கம்மாவை நாளைக்கு முடிச்சிடுதேன்னு போன்ல சொல்லுது."

சென்னையிலிருந்து விஜயசங்கர் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய அம்மா வள்ளித்தாய் குற்றாலத்தில் தனியாக இருக்கிறவர். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்திருந்தார். நான் பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது தென்காசியில் வீட்டு நோயாளிகளைக் கவனிக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறேன். வள்ளித்தாய் வீட்டுக்கு ஆனந்தவள்ளியை அனுப்பியதும் நான்தான்.

"அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"அப்படியே சொல்றேன். 'சார், டாக்டர் சரின்னு சொல்லிட்டார். நாளைக்கு அம்மாவுக்கு எண்ணெய் தேய்ச்சு தலைக்கு ஊத்திடுதேன். நீங்க வர வேண்டாம், நானே முடிச்சிடுதேன்.' இதுக்கு என்ன அர்த்தம் சிஸ்டர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. வராதது நியாயம்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். படுக்கையில் விழுந்த கிழடுகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம் என்ற பெயரில் சீக்கிரம் அனுப்பிவைக்கிற வழக்கம் தென்மாவட்டங்களில் சில இடங்களில் இருந்தது. அதற்குப் பெயர்தான் தலைக்கு ஊத்துவது. கொலைக்கு வைத்த செல்லப்பெயர். நான் அப்படித்தான் சொல்வேன்.

ஆனந்தவள்ளிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அப்பா கடையத்துக்காரர். பம்பாய்ப் பக்கம் கல்யாணில் இட்லி வண்டி வைத்துப் பிழைத்தவர். அம்மா மராத்திக்காரி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டில் தமிழும் போய்விட்டது. புருஷன் இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தாள். கடையத்தில் அப்பாவின் தங்கை படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தாள். அத்தை போன பிறகு திரும்பவில்லை. "அங்கே என் வீட்டில் மகன் குடும்பம் நிறைந்துவிட்டது. இங்கே காற்று இருக்கிறது" என்று என்னிடம் சொன்னாள். ஐம்பது வயதுக்காரி எங்கே இருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்யலாம் என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை வைக்க மறக்க மாட்டாள். தாழ்வான நாற்காலியில் உட்கார விட மாட்டாள். பேச்சுதான் தகராறு. ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்துக் கோத்துப் பேசுவாள். சொல் எல்லாம் தமிழ். பேச்சு தமிழாக இருக்காது. இந்தியில் 'லகானா' என்று ஒரு சொல் இருக்கிறதாம். கதவுக்கும் அதுதான், எண்ணெய்க்கும் அதுதான், சாப்பாட்டுக்கும் அதுதான். அதற்குத் தமிழில் 'ஒட்டு' என்று எப்படியோ பிடித்துவைத்திருந்தாள். அதனால் வள்ளித்தாய் வீட்டில் முதல் வாரம், "கதவை ஒட்டட்டுமா? தலைக்கு எண்ணெய் ஒட்டட்டுமா? சாப்பாடு ஒட்டட்டுமா?" என்றே போயிற்று. குளிரடித்தால், "எனக்குக் குளிர் ஒட்டுது" என்பாள். செல்போனில் படம் எடுப்பதற்கு, "போட்டோ இழுக்கட்டுமா?" என்பாள். இந்தியில் போட்டோவை இழுக்கத்தான் செய்வார்களாம்.

வள்ளித்தாய் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மகன் பொறுக்கவில்லை.

"நான் வேற ஒண்ணும் சொல்லல சிஸ்டர். கொல்ல மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா நாளைக்கு அம்மாவுக்கு நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா, இவங்க போன்ல என்ன சொல்லுவாங்க? டாக்டருக்கு என்ன புரியும்? எனக்கு என்ன புரியும்? அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்திடறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அந்தக் கேள்வி உறைத்தது. என் பயிற்சியில் உடம்பின் உறுப்புகள் அத்தனைக்கும் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனந்தவள்ளிக்கு நெஞ்சு தெரியும். நெஞ்சு என்னவெல்லாம் செய்யும் என்று தெரியாது. நெஞ்சு கரித்தால் ஒரு பேச்சு, அடைத்தால் வேறு பேச்சு. முதலாவதற்கு மோர் கொடுக்கலாம். இரண்டாவதற்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

மறுநாள் காலை பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

வீட்டில் வள்ளித்தாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மெஹர் பானு வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புருஷன் சவுதியில் இருக்கிறார். அவள் பாதிப் பொழுது இந்த வீட்டில்தான். ஆனந்தவள்ளி சுவரோரம் நின்றிருந்தாள். அழுதிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

"வாங்க சிஸ்டரம்மா" என்றார் வள்ளித்தாய். "நான் இன்னும் சாகல. வெந்நி போடதுக்குள்ள என் மவன் போனைப் போட்டுக் கெடுத்திட்டான்."

மெஹர் பானு கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கேயிருந்துட்டி பிடிச்ச அந்தப் பேச்சை?" என்று ஆனந்தவள்ளியைக் கேட்டேன்.

அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "டாக்டர் சொன்னார், தலைக்குக் குளிக்கலாம். ஆச்சி தினம் சொல்லுது, மேலுக்கு ஊத்து. மேலுக்கு ஊத்து என்றால் உடம்பு மட்டும் குளியல். அப்போ தலையும் குளியல் என்றால், தலைக்கு ஊத்து. சரிதானே?"

கணக்குப்படி சரிதான். 'மேலுக்கு' இருந்த இடத்தில் 'தலைக்கு' வைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பேச்சு கணக்கு இல்லை. தனக்கென்று 'தலைக்கு ஊத்திக்கிட்டேன்' என்று சொன்னால் ஒன்றுமில்லை. அம்மை இறங்கிய பிள்ளைக்குத் 'தலைக்கு ஊத்தியாச்சு' என்றால் நல்ல செய்தி. படுக்கையில் இருக்கிற கிழவிக்கு எண்ணெயும் தேய்த்துத் தலைக்கும் ஊத்துகிறேன், நானே முடித்துவிடுகிறேன் என்று மகனிடம் சொன்னால் போலீஸ் வரும். இதை நான் விளக்கினேன். அவள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் அப்படி இல்லை ஆச்சி!"

"தெரியும்ட்டி. கொல்லுதவ மவன்ட்ட போன் பண்ணிச் சொல்லிட்டா செய்வா?" என்றார் வள்ளித்தாய். பிறகு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டரம்மா, நான் மெட்ராஸ் போவ மாட்டேன். அங்கன ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு ஜன்னல். மழை பெய்யுதான்னு பாக்கக்கூட டிவியைப் போடணும். இவ இருந்தா நான் இங்கன இருக்கலாம். இவ போனா என்னைத் தூக்கிட்டுப் போயிருவான். அதனால இவ பேச்சு சரியாவணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"ஒரு வாரத்துல எப்படி ஆச்சி?" என்றாள் மெஹர் பானு.

"நான் அஞ்சருவியில எண்ணெய் வித்தவ" என்றார் வள்ளித்தாய்.

அது எங்களுக்குத் தெரியும். ஐந்தருவிக்குப் போகிற வழியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் விற்றுத்தான் விஜயசங்கரைப் படிக்க வைத்தார். அதற்கும் இதற்கும் என்ன என்று நான் கேட்டேன்.

"மலையாளத்தான் வந்தா, 'எண்ண வேணோ சேட்டா, தல நல்லோணம் தணுக்கும்' ம்பேன். தெலுங்குக்காரன் வந்தா, 'நூனெ காவாலா அண்ணா, மஞ்சி நூனெ' ம்பேன். அவன் நான் அவன் ஊருன்னு நினைச்சு நின்னுருவான். அதுல எது எண்ணெய், எது நல்லதுன்னு கேட்டா எனக்கு இன்னைக்கும் தெரியாது. பக்கத்துக் கடைக்காரன் சொன்னதை அப்படியே முழுசாப் பிடிச்சேன். பிய்ச்சுப் பாக்கல."

"அவன் திருப்பி ஏதாவது கேட்டா?" என்றேன்.

"சிரிச்சிட்டு பாட்டிலைக் கையில குடுத்திருவேன்."

அதன்பின் ஆனந்தவள்ளிக்கு ஒரு சட்டம் போட்டார். "இன்னையிலேருந்து நீயா எதையும் சேத்துச் செஞ்சு பேசக் கூடாது. யாராவது பேசி நீ காதுல கேட்டிருக்கணும். அதை அப்படியே, ஒரே மூச்சுல, அவ்வொ இழுத்த இடத்துல இழுத்து, நிறுத்துன இடத்துல நிறுத்திச் சொல்லணும். கேக்காததைப் பேசாத. தெரியலையா, கையைக் காட்டு."

எனக்கு இது நடக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் வேறு யோசனை என்னிடம் இல்லை. குளிப்பாட்டுவதைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். மகன் வந்து பார்த்த பிறகு குளிக்கட்டும்.

முதலில் அவள் ஊமையாகிவிட்டாள் என்று மெஹர் பானு போனில் சொன்னாள். கையைக் காட்டியே வேலை நடந்ததாம். ஆனால் காது மட்டும் திறந்திருந்ததாம். காய்கறி வாங்கப் போனால் வாங்கிவிட்டு உடனே வர மாட்டாள். நின்று, மற்றவர்கள் பேரம் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவாள். வரும் வழியெல்லாம் உதடு அசையும். வீட்டுக்கு வந்ததும் கேட்டதை அன்றைக்கே எங்காவது ஒரு இடத்தில் பேசிப் பார்ப்பாள்.

வாரத்தின் நடுவில் நான் போனபோது பிசியோதெரபி செய்கிற தம்பி வந்திருந்தார். வள்ளித்தாய் வாக்கரைப் பிடித்து நின்றிருந்தார். தம்பி, "இன்னைக்கு வாசல் வரைக்கும் போவோம் ஆச்சி" என்றார். ஆனந்தவள்ளி பின்னால் நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று, இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னாள்:

"ஆச்சி! நடையக் கட்டுங்க!"

தம்பி அப்படியே நின்றுவிட்டார். வள்ளித்தாய் வாக்கரைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குப் பயமாகிவிட்டது, புது இடுப்பு. "சிரிக்கதை உக்காந்து சிரிங்க" என்று நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் வீடு வீடாகச் சீட்டு சேர்க்க வந்த ஒருவனை மெஹர் பானு, "வேண்டாம்னா வேண்டாம், நடையக் கட்டுங்க" என்று விரட்டியிருக்கிறாள். அவன் நடந்து போனான். ஆனந்தவள்ளி பார்த்தாள். நட என்பதற்கு இது நல்ல தமிழ் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எம் பேச்சா இது?" என்று மெஹர் பானு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ அக்கா, அது தொரத்துதது. ஆச்சியைத் தொரத்துதியளா?"

ஆனந்தவள்ளிக்கு முகம் சிவந்தது. "நான் கேட்டேன். முழுசாச் சொன்னேன்."

"முழுசாத்தான் சொன்ன" என்றார் வள்ளித்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேச்சை மட்டும் தூக்கிட்டு வந்திட்ட. ஆளை அங்கனேயே விட்டுட்ட. யாரு, யாருட்ட, என்ன மொகத்தோட சொன்னா, அதையும் சேத்துத் தூக்கிட்டு வரணும். எனக்கு இனிமே என்ன சொல்லுவ?"

ஆனந்தவள்ளி யோசித்தாள். பிறகு பிசியோ தம்பி எப்போதும் சொல்கிற மாதிரியே, மெல்ல, குரலைத் தாழ்த்தி, "பையப் பைய. ஒரு எட்டு வைங்க. அவ்வளவுதான். இன்னொரு எட்டு" என்றாள்.

வள்ளித்தாய் எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

அந்த 'ஒரு எட்டு'தான் அவளுக்குப் பிடி கொடுத்தது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் போனால், "ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்" என்றார்கள். சாப்பிடாத ஆளிடம், "ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார்கள். காபிக்கு "ஒரு மடக்கு". இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களின் ஒரு கட்டு முழுவதும் மனதில் உட்கார்ந்த பிறகு, எந்த இடத்தில் சொல்லை மாற்றலாம், எந்த இடத்தில் மாற்றக் கூடாது என்று தெரிய ஆரம்பித்தது. ஒரு வாய் சோறு சரி, ஒரு வாய் தண்ணீர் சரி. "ஒரு வாய் மாத்திரை" என்று சொல்லிப் பார்த்தாள். மெஹர் பானு உதட்டைப் பிதுக்கினாள். அதோடு விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கும் பதில் தெரிந்திருக்காது. மாத்திரையைப் போடுகிறோம், சாப்பாட்டைப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஏன் என்று யாருக்குத் தெரியும்?

பிசியோ தம்பி வந்திருந்த அன்று நான் போனதற்கு வேறு காரணம் இருந்தது. நோய்ப் பேச்சை அவளுக்குக் காதில் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வள்ளித்தாயிடம் சொன்னேன்: "உங்களுக்கு இதுவரைக்கும் வந்த நோக்காட்டை எல்லாம் சொல்லுங்க. எப்படி இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."

இப்படிக் கேட்டால் எந்த வயதானவர் வேண்டாம் என்பார்? மத்தியானம் வரை சொன்னார். தலை சுத்தும், கிறுகிறுன்னு வரும், கண்ணைக் கட்டும், காது அடைக்கும். நெஞ்சு கரிக்கும், நெஞ்சை அடைக்கும், படபடன்னு அடிக்கும். மூச்சு முட்டும், மூச்சு இளைக்கும். வயிறு பொருமும், வயித்தைக் கடிக்கும், வயித்தைப் பெரட்டும். காலு கடுக்கும், மரத்துப் போகும், கெண்டைச்சதை குறண்டி இழுக்கும். ஒவ்வொன்றையும் எப்போது வந்தது, எங்கே நின்றபோது வந்தது என்று கதையோடு சொன்னார். முகத்தையும் அப்படியே செய்து காட்டினார். ஆனந்தவள்ளி அந்த முகத்தையும் செய்துகொண்டே திருப்பிச் சொன்னாள். கண்ணைக் கட்டும் என்று வந்தபோது மட்டும் நிறுத்தினாள்.

"துணியாலயா?"

"துணி இல்லட்டி. பொசுக்குனு இருட்டிக்கிட்டு வரும். விழுந்திருவோமோன்னு இருக்கும். சுவத்தைப் பிடிப்போம்."

"ஓ." எழுந்து நின்று, சுவரைப் பிடித்து, தடுமாறிக் காட்டினாள். "கண்ணைக் கட்டுது ஆச்சி!"

"அதேதான்!" என்று கைதட்டினாள் மெஹர் பானு. "நாடகத்துல சேத்துக்கிடுவாங்க அக்கா உங்களை."

நான் நர்ஸ் வேலை பார்த்தவள், என் கண்ணில் பட்டது வேறு. முன்பெல்லாம் பேசும்போது அவள் கண் மேலே எங்கேயோ சொல் தேடிக்கொண்டிருக்கும். இப்போது கட்டுக்கட்டாக வருவதால் கண் நோயாளியின் முகத்தில் இருந்தது. பராமரிப்பு வேலைக்கு அதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் குற்றாலத்தில் இருந்தேன். விஜயசங்கர் ரயிலில் தென்காசி வந்து ஆட்டோ பிடிப்பதாகச் சொல்லியிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஆனந்தவள்ளியின் குரல் கேட்டது.

"பையப் பைய... உக்காருங்க ஆச்சி, உக்காருங்க. சாஞ்சுக்கிடுங்க."

உள்ளே போனேன். வள்ளித்தாய் கட்டிலில் சரிந்திருந்தார். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்திருந்தது. ஆனந்தவள்ளி அவரைப் படுக்க வைத்து, காலுக்கு அடியில் தலையணை வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"நெஞ்சை அடைக்குதா ஆச்சி?"

"இல்ல."

"மூச்சு முட்டுதா?"

"இல்லட்டி. எந்திரிச்சேன்... கண்ணைக் கட்டிட்டுது."

"இப்போ?"

"தெளியுது."

நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். குறைவாக இருந்தது. கையெட்டும் தூரத்தில் நான் இருந்தும், ஆனந்தவள்ளி என்னைப் பார்க்காமல் டாக்டருக்குத் தானே போன் போட்டாள். நான் தடுக்கவில்லை. அதற்குத்தானே சம்பளம்.

"டாக்டர், வள்ளித்தாய் ஆச்சி வீட்டுலேருந்து பேசுதேன். ஆச்சி நல்லா இருக்காங்க. காலையில படுக்கையிலேருந்து எந்திரிச்சதும் கண்ணைக் கட்டுதுன்னாங்க. உடனே உக்கார வச்சுப் படுக்கப் போட்டேன். வேர்த்துச்சு. நெஞ்சை அடைக்கல, மூச்சு முட்டல, பேச்சு குளறல. இப்போ தெளிஞ்சிட்டாங்க. சிஸ்டர் பாத்தாங்க, பிரஷர் குறைச்சலா இருக்கு. பிரஷர் மாத்திரை இன்னும் போடல. போடட்டுமா, நிறுத்தட்டுமா?"

ஒரே மூச்சு. நடுவில் ஒரு கல் தட்டவில்லை.

டாக்டர் காலை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும், மறுபடி வந்தால் உடனே கூட்டிவர வேண்டும், இல்லாவிட்டாலும் மறுநாள் காட்ட வேண்டும் என்றார். படுக்கையில் கிடந்து எழும் வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. அலட்சியமும் கூடாது, அலறவும் கூடாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் விஜயசங்கர் பையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அம்மாவிடம் போனார், கையைப் பிடித்தார், உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க புது ஆளா சிஸ்டர்?"

"உன் அம்மையைக் கொல்லப் பாத்தவதான்" என்றார் கட்டிலில் இருந்து வள்ளித்தாய்.

அவர் உடனே இளகிவிடவில்லை. நல்ல மகன்கள் லேசில் நம்ப மாட்டார்கள். மத்தியானம் வரை வீட்டுக்குள்ளேயே சுற்றினார். குளியலறையில் பிடிமானக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். ஆனந்தவள்ளியிடம் இதையும் அதையும் கேட்டார். அவள் தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாத இடத்தில் கையைக் காட்டினாள். சட்டம் இன்னும் அமலில் இருந்தது.

சாப்பிடும்போது வள்ளித்தாய் ஆரம்பித்தார். "ஏல, என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பமே சொல்லு. இவ வெந்நி போட்டு வச்சுருவா. நான் தலைக்கு ஊத்திக்கிட்டு ஒரேயடியாப் போயிருதேன்."

"என்னம்மா பேச்சு இது?"

"பின்ன? சொல்லுட்டி, அன்னைக்கு நீ ஊத்தத்தானே பாத்த?"

எல்லோரும் ஆனந்தவள்ளியைப் பார்த்தோம். அவள் விஜயசங்கருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஊத்திருப்பேன் ஆச்சி. வெந்நி காயல."

மெஹர் பானுவுக்குப் புரையேறிவிட்டது. விஜயசங்கர் ஒரு நொடி திகைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கடையம்" என்றாள் ஆனந்தவள்ளி. கொஞ்சம் கழித்து, "பம்பாயிலேருந்து வாறேன்" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டும் உண்மைதான்.

சாப்பிட்டு எழுந்ததும் அவர் அம்மாவிடம், "டாக்டர்ட்ட நாளைக்கு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்புதேன். நீ இங்கனயே இரு" என்றார். சென்னைப் பேச்சில் இருந்தவருக்கு அதைச் சொல்லும்போது ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. வள்ளித்தாய் தலையை மட்டும் ஆட்டினார். வென்றவர்கள் அதிகம் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

எண்ணெய்க் குளியல் டாக்டரைக் கேட்டு அடுத்த வாரம் நடந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில், தலையைக் குனிய விடாமல். எனக்குப் போனில் செய்தி வந்தது: "சிஸ்டர், ஆச்சிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டியாச்சு. தலை துவட்டி, சாம்பிராணி காட்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கண்ணயந்துட்டாங்க." 'முடிச்சிட்டேன்' என்ற பேச்சே அதில் இல்லை.

ஆனந்தவள்ளி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கதவைச் சாத்துகிறாள், எண்ணெய் தேய்க்கிறாள், இலை போடுகிறாள். வீட்டை விட்டு இறங்கும்போது, "போயிட்டு வாறேன்" என்கிறாள். இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் நெஞ்சு, வயிறு என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. நெஞ்சு என்ன செய்யும், வயிறு என்ன செய்யும் என்று சேர்த்தே சொல்கிறேன். முகத்தையும் செய்து காட்டுகிறேன். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். பரவாயில்லை.

ஒரே ஒரு பேச்சை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அவள்தான் எங்களை மாற்றிவிட்டாள். டாக்டரிடம் காட்டிவிட்டு அந்தத் திங்கட்கிழமை மாலை விஜயசங்கர் கிளம்பி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வள்ளித்தாய் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். சாரல் கொஞ்சம் விட்டிருந்தது.

"ஏட்டி ஆனந்தவள்ளி, இங்கன வா. நானும் இவனும் நிக்கோம். மருமவளுக்கு அனுப்பணும். ஒரு போட்டோ இழு."

"இழுக்கவா?" என்றார் விஜயசங்கர்.

"ஆமா, இழுக்கத்தான்" என்றாள் மெஹர் பானு, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "நல்லா, ரெண்டு இழுங்க அக்கா."